420 பேர் நிரப்பிய படிவத்தை சூப்பவைசர் ஏற்கவில்லை. 2000 ஆக்கினால் சரிவருமா?

தாரகை

வணக்கம். இறுதி வருட ஆய்வுக்காகக் கேட்கிறேன். நல்லூர் பிரதேச செயலாளர் பிரிவில் குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் வீடுகள் எத்தனை வீதம் என்பதுதான் என் கேள்வி. எல்லா வளவிலும் கிணறு இருக்கிறது, ஆனாலும் பெரிய போத்தல்களும் வீட்டுக்கு வீடு இறங்குகின்றன. அதை எண்ணிப் பார்க்க நினைத்தேன்.

கூகுள் படிவம் ஒன்று செய்து ஆகஸ்டில், திருவிழா நடந்துகொண்டிருந்த நேரத்தில், வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு பழைய மாணவர் குழு, ஒரு கோயில் இளைஞர் குழு, எங்கள் சொந்தக்காரர் குழு. அவர்களும் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். 420 பதில் வந்தது. அதில் 65 வீதம் "வாங்குகிறோம்". வழு ±4.6 என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

சூப்பவைசர் ஓரத்தில் "இது யாருடைய 65 வீதம்?" என்று மட்டும் எழுதித் திருப்பிவிட்டார். இன்னும் குழுக்களில் போட்டு 2000 பதில் எடுத்தால் வழு ±2.1 ஆகக் குறையும். அது போதுமா? ஒரு மாதம்தான் இருக்கிறது.

கணக்கு வாத்தி

தங்கச்சி, 2000 தேவையே இல்லை. கிரெஜ்சி–மோர்கன் அட்டவணையைப் பாருங்கோ. குடித்தொகை 10,000 என்றால் மாதிரி 370 போதும். எவ்வளவு பெரிதாக்கினாலும் 384ஐத் தாண்டாது. உங்களிடம் 420 இருக்கிறது. அட்டவணையை இணைத்துத் திரும்பக் கொடுங்கோ, சேர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

தண்ணி வண்டி

நான் அந்தப் பக்கம் போத்தல் தண்ணீர் போடுகிறவன். 65 வீதம் என்றால் நல்ல சந்தோசம், இன்னொரு வண்டி எடுக்கலாம் போல இருக்கு. ஆனால் பிள்ளை, எங்களுக்கு ஓகஸ்டில் ஓடுகிற ஓட்டம் ஒக்டோபரில் இல்லை. வெளிநாட்டில் இருந்து வந்து நிற்கிற ஆட்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்கப் பயம். வீட்டுக்காரருக்கும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். அவர்கள் பிளேன் ஏறினதும் அந்த வீட்டுக்கு நான் போவதே இல்லை. எந்த ஒழுங்கையில் கூட வாங்குகிறார்கள் என்று உங்கள் படிவத்தில் இருந்தால் சொல்லுங்கோ.

பனங்கூடல்

நான் பல வருடமாக வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலையில் இருக்கிறேன். வாத்தி அண்ணை சொன்ன அட்டவணை பிழையில்லை. ஆனால் அது ஒரு நிபந்தனையோடு வருகிறது: அந்த 370 வீடும் 10,000 வீட்டிலிருந்து எழுமாறாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் அகப்படும் வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். தாரகையின் 420 பேரை யாரும் எடுக்கவில்லை. அவர்களாக வந்தார்கள். ±4.6 என்ற எண்ணும் அப்படித்தான். குலுக்கி எடுத்ததால் வரும் தற்செயல் வேறுபாட்டை மட்டும் அது அளக்கும். யார் வரவே இல்லை என்பது அதற்குத் தெரியாது.

எண்ணோடு பார்ப்போம். இவை நான் பேச்சுக்கு வைக்கும் எண்கள். பிரிவில் 30 வீதமான வீடுகள் இந்த மாதிரிக் குழுக்களில் இருக்கிற, கைபேசியும் கையுமான வீடுகள். அவற்றில் 70 வீதம் தண்ணீர் வாங்குகின்றன. மிச்ச 70 வீத வீடுகளில் 20 வீதம்தான் வாங்குகின்றன. உண்மை:

0.3 × 70 + 0.7 × 20 = 35

இப்போது படிவம் போகிறது. வரும் பதில்களில் பத்தில் ஒன்பது முதல் வகை வீடுகளில் இருந்து:

0.9 × 70 + 0.1 × 20 = 65

400 பதில் என்றால் உங்கள் எல்லை ஏறக்குறைய 60 முதல் 70 வரை. 2000 பதில் என்றால் 63 முதல் 67 வரை. உண்மையான 35 இரண்டிலும் இல்லை. இரண்டாவதில் உங்கள் உறுதி கூடியிருக்கிறது, விடை அதே இடத்தில் நிற்கிறது. அதே குழுக்களில் திரும்பப் போட்டால் அதே ஒன்பதுக்கு ஒன்றுதான் திரும்ப வரும்.

இதே பிரிவில் 100 வீட்டை மட்டும் எழுமாறாக எடுத்து எல்லோரிடமும் பதில் வாங்கினால் வழு ±9. பார்வைக்கு மோசம். ஆனால் 26 முதல் 44 வரையான அந்த எல்லைக்குள் உண்மை இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

தண்ணி வண்டி அண்ணை வியாபாரம் கேட்டாலும் முக்கியமான விசயத்தைத் தொட்டுவிட்டார். தாரகை, முதலில் உங்கள் குடித்தொகை எது? நல்லூரில் ஆண்டு முழுக்க இருக்கிற வீடுகளா, ஆகஸ்டில் ஆள் நிற்கிற வீடுகளா? அதை ஒரு வரியில் எழுதுங்கோ. பிறகு 420இல் எத்தனை பதில் அந்த வரிக்கு வெளியே என்று பாருங்கோ.

தாரகை

பார்த்தேன். படிவத்தில் "நிரப்புபவர் இப்போது எங்கே இருக்கிறார்" என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். 38 பேர் கனடா, லண்டன், கொழும்பு. அம்மா அப்பா வீட்டைப் பற்றித் தாங்கள் நிரப்பியிருக்கிறார்கள்.

இன்னொன்று. வீட்டுத் தலைவர் 60 வயதுக்கு மேல் உள்ள வீடுகள் 42தான். அவற்றில் 19 வாங்குகின்றன, 45 வீதம். மிச்ச 378 வீட்டில் 253, அது 67 வீதம். வயது போனவர்கள் வீடு குறைவாக வந்திருப்பது எனக்கே தெரிகிறது. இதை நிறை கொடுத்துச் சரிசெய்ய முடியாதா?

புள்ளிராசா

முடியும். பனங்கூடல் அக்கா தேவையில்லாமல் பயப்படுத்துகிறா. பிரிவில் 40 வீதம் வீடுகள் முதியவர் தலைமை என்று வைத்தால், 42 வீட்டுக்கும் தலைக்கு 4 நிறை. 0.6 × 67 + 0.4 × 45 = 58. முடிந்தது. உலகமெங்கும் செய்கிற வேலை, எஸ்பிஎஸ்எஸ்ஸில் இரண்டு சொடுக்கு.

பனங்கூடல்

செய்கிற வேலைதான், நானும் செய்வேன். அந்த 40ஐ நீங்கள் எங்கிருந்து எடுப்பீர்கள் என்பது ஒரு கேள்வி. தொகைமதிப்பில் இருந்து எடுக்கலாம், சரி. பெரிய கேள்வி அந்த 42 வீடு. தாரகை, அந்த 42இல் எத்தனை படிவத்தை அந்த வீட்டிலேயே இருக்கிறவர் நிரப்பினார்?

தாரகை

13. மற்ற 29ஐ பிள்ளைகள், மருமக்கள் நிரப்பியிருக்கிறார்கள். மேலே சொன்ன 38இல் பெரும்பகுதி இதற்குள்தான்.

பனங்கூடல்

அதுதான். இவை வெளியில் பிள்ளை உள்ள, அந்தப் பிள்ளை காசு அனுப்பக்கூடிய வீடுகள். துலாவும் வாளியுமாகக் காலம் போக்கும் தனி ஆச்சியின் வீடு இந்த 42க்குள் இல்லை. நீங்கள் நான்கு மடங்கு நிறை கொடுக்கும்போது ஆச்சியின் குரல் நான்கு மடங்காகவில்லை, ரொறன்ரோ மகனின் குரல்தான் நான்கு மடங்காகிறது. ஒரே வயதுப் பிரிவுக்குள் பதில் தந்தவரும் தராதவரும் ஒரே மாதிரி என்றால்தான் நிறை வேலை செய்யும். இங்கே அப்படி இல்லை என்பதற்கு உங்கள் 13தான் சாட்சி.

பெரிய இடங்களிலும் இது நடந்தது. 2021இல் அமெரிக்காவில் பேஸ்புக் வழியாக வாரம் ஏறக்குறைய 250,000 பேரிடம் கோவிட் ஊசி போட்டீர்களா என்று கேட்டார்கள். வயது, பால் எல்லாம் பார்த்து நிறையும் கொடுத்தார்கள். ஆனாலும் மே மாதத்தில், முதல் ஊசி போட்டவர்கள் உண்மையைவிட 17 வீதப் புள்ளி கூடுதலாகத் தெரிந்தார்கள். அதே காலத்தில் ஏறக்குறைய 1000 பேரை மட்டும் கேட்ட இன்னொரு கணக்கெடுப்பு உண்மைக்குக் கிட்ட நின்றது. அந்த ஆட்களை முகவரிப் பட்டியலில் இருந்து எழுமாறாக எடுத்து, இணையம் இல்லாதவர்களுக்கு இணைய வசதியும் செய்து கொடுத்திருந்தார்கள். போட்டவர்கள் எத்தனை பேர் என்ற அரசாங்கக் கணக்கு தனியாக இருந்தபடியால்தான் பிழை பிடிபட்டது. நல்லூர்த் தண்ணீருக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. உங்கள் பிழையை உங்களுக்குக் காட்டித் தர யாரும் இல்லை.

புள்ளிராசா

சரி, பேஸ்புக் கதையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயதை விட்டுவிட்டு "வெளிநாட்டில் நெருங்கிய உறவு உண்டா", "கிணறு உவரா" என்ற இரண்டையும் வைத்து நிறை கொடுத்தால் நிலைமை மாறும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

பனங்கூடல்

மாறலாம். பிரிவு முழுக்க அந்த இரண்டும் எத்தனை வீதம் என்று தெரிந்தால். அதைத் தெரிந்துகொள்ள வீடு வீடாகப் போகவேண்டும், போனால் தண்ணீரையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

தாரகைக்கு ஒரு மாதம் போதும். 120 வீடு எடுங்கோ. விதானைமாரிடம் குடும்பப் பட்டியல் இருக்கும். சூப்பவைசரின் கடிதத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போய் அனுமதி கேளுங்கோ. பட்டியலையே தராவிட்டாலும் விதானை பிரிவு வாரியாகக் குடும்பத் தொகை தருவார்கள். தொகை கூடிய பிரிவுக்கு வாய்ப்பும் கூடும்படி பிரிவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு வீடு எழுமாறாக எடுங்கோ. ஆறு பிரிவில் 20 வீடு என்பதைவிட இருபது பிரிவில் 6 வீடு நல்லது. ஏனென்றால் ஒரு ஒழுங்கையில் ஒரு கிணறு உவர் என்றால் பக்கத்துக் கிணறும் பெரும்பாலும் உவர்தான், எல்லோரும் வாங்குவார்கள். அங்கே இருபது வீடு கேட்டும் ஏறக்குறைய ஒரே விடையை இருபது தரம் எழுதுவீர்கள். சைக்கிள் ஓட்டம் கூடும், அதற்கு ஒன்றும் செய்யமுடியாது.

பூட்டிய வீட்டைக் கண்டதும் பக்கத்து வீட்டைத் தட்டவேண்டாம். எல்லோரும் விடும் பிழை இதுதான். பகலில் பூட்டிக் கிடப்பது இருவரும் வேலைக்குப் போகும் வீடு. தண்ணீர் வாங்க வசதியும் அவர்களுக்குத்தான் கூட. அவர்களை விட்டு பென்சன்காரர் வீட்டை எடுத்தால் இந்த முறை சாய்வு மறுபக்கம். மாலையில் ஒரு தரம், ஞாயிறு ஒரு தரம் திரும்பப் போங்கோ. முழுக் குடும்பமும் வெளிநாடு, வளவைப் பார்க்க ஆள் மட்டும் என்றால் அது உங்கள் குடித்தொகையிலேயே இல்லை, கழித்துவிடுங்கோ. இரண்டையும் வேறு வேறாகக் குறிக்கவேண்டும்.

கேள்வியையும் கொஞ்சம் திருத்துங்கோ: "கடந்த ஏழு நாளில் குடிப்பதற்குத் தண்ணீர் காசு கொடுத்து வாங்கினீர்களா?" பவுசர் தண்ணீர் இலவசமாக எடுக்கிறவர்கள் பழைய கேள்விக்கு ஆளுக்கு ஒரு மாதிரிப் பதில் சொல்லியிருப்பார்கள்.

கணக்கு வாத்தி

அப்படியானால் அந்த 420ஐக் குப்பையில் போடவா? பிள்ளை பாடுபட்டு எடுத்தது.

பனங்கூடல்

போடவேண்டாம் அண்ணை. வாங்குகிறவர்கள் ஏன் வாங்குகிறார்கள், மணமா, உவரா, பயமா என்று அதில் இருந்தால் அது பயன்படும். "பதில் தந்தவர்களில்" என்று தொடங்கி எழுதலாம். "நல்லூரில்" என்று தொடங்கக் கூடாது.

தாரகை

நன்றி அக்கா. ஏன் என்ற கேள்வி இருக்கிறது. நாளை கடிதம் கேட்கிறேன். ஒரு சந்தேகம்: திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் வாடகை அறைகளில் இருக்கும் மாணவர்கள் விதானையின் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அவர்கள்தான் போத்தல் தண்ணீர் கூட வாங்குகிறார்கள்.

பனங்கூடல்

அதற்கு என்னிடம் சுத்தமான விடை இல்லை. பட்டியலில் உள்ள வீட்டுக்குப் போகும்போது "இந்த வளவுக்குள் தனியாகச் சமைக்கிற வேறு யாரும் இருக்கிறார்களா" என்று கேட்டு அவர்களையும் சேர்த்தால் ஒரு பகுதி பிடிபடும். முழுதாக மாடிக் கட்டடத்தை விடுதியாக விட்டிருந்தால் அது பிடிபடாது. அவர்களை விட்டுவிட்டு, விட்டதைக் குடித்தொகை வரியிலேயே எழுதுவதா, தனியாக எடுப்பதா என்று உங்கள் சேரைக் கேளுங்கோ.

தண்ணி வண்டி

விடுதிகளுக்கு நான்தான் போடுகிறேன். எந்தெந்தக் கட்டடம் என்று சொல்லலாம், ஆனால் என்னிடம் வாங்குகிறவை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

புள்ளிராசா

அண்ணை, அந்தப் பட்டியலை வைத்து வாங்குகிற வீதம் எடுத்தால் 100 வரும்.