200 ப்ளான்ல பகல்ல 94, ராத்திரி 20 தான் வருதுங்க, கம்ப்ளைன்ட் பண்ணுனவங்க அனுபவம் சொல்லுங்க

திருப்பூர் டிசைனர்
வணக்கமுங்க. அனுப்பர்பாளையத்துல வீட்டுலயே இருந்து பனியன் பிரிண்டுக்கு டிசைன் பண்ணித் தர்றனுங்க, ஒரு ஆர்டருக்கு ரெண்டு மூணு ஜிபி ஃபைல் அனுப்பணும், பார்ட்டி அனுப்புற ரெஃபரன்ஸ இறக்கணும், அதுக்குன்னே போன வருசம் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டனுங்க. லேப்டாப்புல வயர் போட்டு ஸ்பீட் டெஸ்ட் பண்ணுனா பகல் முச்சூடும் 94 தான். கம்ப்ளைன்ட் பண்ணுனேன், லைன்மேன் தம்பி வந்து பாக்ஸ் பக்கத்துல நின்னு அவரு போன்ல டெஸ்ட் போட்டாரு, 180 வந்துச்சு, "லைன் நல்லாத்தான் இருக்குதுங்ணா"ன்னு காட்டிப்போட்டுக் கிளம்பிட்டாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லீங்க, என்ற லேப்டாப்புல வராத வேகம் அவரு போன்ல மட்டும் எப்புடி வரும்? இது பத்தாதுன்னு ராத்திரி எட்டரை ஒம்போது மணிக்கு மேல 20, 22ன்னு விழுந்துருது, பிங் பகல்ல 7ன்னு இருக்கறது 85க்குப் போயிருது. மறுபடியும் கம்ப்ளைன்ட் பண்ணலாமா, பண்ணுனா எதைக் காட்டிக் கேக்கறதுங்க?

ஈரோடு மஞ்சள்காரன்
பாக்ஸோட செட்டிங்ஸ் பேஜ்ல லைட் பவர் எவ்வளவுன்னு பாருங்க நண்பா. எனக்கு மைனஸ் 27 இருந்துச்சு, அடிக்கடி கட்டாகிக் கட்டாகி வந்துச்சு, ஆளக் கூப்புட்டு மாடியில மடங்கி இருந்த ஒயரச் சரி பண்ணி முனையத் தொடைச்சுப் போட்டதுமே மைனஸ் 20 ஆயிருச்சு. உங்களுக்கும் பவர் கம்மியாத்தான் இருக்கும், அதனாலதான் ஸ்பீடு பாதியா வருது. அதச் சொல்லிக் கேளுங்க.

பொள்ளாச்சி தோப்பு
எங்களுக்கு ஸ்பீடெல்லாம் பிரச்சனையே இல்லீங்க, லைன் இருந்தாப் போதும்னு இருக்கறோம். ஆனைமலை ரோட்டுல எங்க தோப்பு வழியா வர்ற ஃபைபரு மேல காத்தடிச்சா தென்னமட்டை உழுந்து அறுந்துருது, பாக்ஸுல செவப்பு லைட்டு மின்னும், ஆளு வர மூணு நாள் ஆவுது. போன மாசம் ரெண்டு தடவை. அந்த நாளுக்கெல்லாம் பில்லுல கழிப்பாங்களா, யாராச்சும் வாங்கியிருக்கீங்களா?

கோபி லைன்
பத்து வருசமா கேபிளு, இப்ப ஃபைபருன்னு கோபி பக்கம் லைன் வேலைதானுங்க நமக்கு. தோப்புக்கார அண்ணனுக்கு மொதல்ல சொல்லிர்றேன், அது அறுந்த லைன், மெதுவான லைன் இல்ல, ஒவ்வொரு தடவையும் செவப்பு லைட்டு வந்த நேரம், சரியான நேரம் ரெண்டையும் குறிச்சு வெச்சு, அன்னன்னைக்கே கம்ப்ளைன்ட் நம்பர் வாங்கி வெச்சுக்கங்க, அப்புறமேட்டுக்கு பில்லு வரும்போது பேசறதுக்கு அதுதான் கையில இருக்கற ஆதாரம்.

இப்ப திருப்பூர்க்காரரு. உங்குளுது ஒரு பிரச்சனை இல்லீங்க, ரெண்டு. ரெண்டையும் ஒண்ணாக் கொழப்பித்தான் அந்தப் பையன் கிட்ட சண்டை வந்துருக்கும்.

94ங்கற நம்பர நல்லாப் பாருங்க. காலையிலயும் 94, மத்தியானமும் 94, இப்புடி அசையாம நிக்கறது லைன் மெதுவா இருக்கறதுக்கு அடையாளமே இல்ல. லைன் நெரிசல்னா 60 வரும், 110 வரும், நிமிசத்துக்கு ஒண்ணு வரும். ஒரே எடத்துல முட்டி நிக்குதுன்னா நடுவுல 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல விடாத ஏதோ ஒண்ணு இருக்குதுன்னு அர்த்தம். 100ல ஹெட்டரு அது இதுன்னு போக டெஸ்டுல கண்ணுல தெரியறது 94, 95 தான். பாக்ஸுல இருந்து லேப்டாப்புக்கு வர்ற ஒயருக்குள்ள எட்டுக் கம்பி இருக்கணும், அதுல நாலுதான் கோத்துருக்கும், இல்லாட்டி ஒரு கம்பி பின்னுல தொடாம இருக்கும். அதான் பையன் போன்ல வைஃபைல 180 வந்துருக்குது, அவரு பொய் சொல்லல. லேப்டாப்புல ஈதர்நெட் செட்டிங்ஸ்குள்ள `Link speed` ன்னு இருக்கும், அதுல 1000/1000 வரணும், 100/100ன்னு இருந்தா ஒயருதான், நடுவுல தனியா ரவுட்டரோ சுவிட்சோ வெச்சிருந்தா அதோட போர்ட்டு பழைய 100 போர்ட்டாவும் இருக்கலாம். அவுங்க குடுத்த ஒயரு, அவுங்க குடுத்த பாக்ஸுன்னா மாத்திக் குடுக்கச் சொல்லிக் கேக்கலாம், நீங்க போட்டதுன்னா அது நம்ம செலவு.

ராத்திரி 20 ஆகறது வேற சங்கதி. ஈரோட்டு நண்பர் சொன்ன பவர் சமாச்சாரம் அவரு வீட்டுக்குச் சரி, கட்டாகிக் கட்டாகி வந்தா அதத்தான் மொதல்ல பாக்கணும். ஆனா லைட் பவரு பகல்ல ஒண்ணு ராத்திரி ஒண்ணு ஆகாதுங்க. காலையில முழுசா ஓடுற லைன் ஒம்போது மணிக்கு மட்டும் படுக்குதுன்னா கண்ணாடி நூலக் குத்தம் சொல்ல முடியாது.

பெருந்துறை அக்கா
கம்ப்ளைன்ட் பண்றதுக்கு முன்னால ஒண்ணு பாத்துக்கங்க தம்பி. நானும் ராத்திரியானா நெட்டு இழுக்குதுன்னு ரெண்டு வாட்டி ஆளக் கூப்புட்டேன், கடைசில பாத்தா எங்கூட்டு ஆறு கேமராவும் ரெக்கார்டிங்க வெளிய அனுப்பிட்டே இருந்துருக்குது, எல்லாரு போனும் வீட்டுக்கு வந்ததும் போட்டோ பேக்கப் ஓட ஆரம்பிச்சிருது. அப்லோடு முழுசா அடைச்சுக்கிட்டா டவுன்லோடும் சேந்து படுத்துருதுன்னு அந்தத் தம்பிதான் சொல்லிக் குடுத்தாரு. உங்க வீட்டுலயும் அப்புடி இருக்குமோ என்னமோ.

திருப்பூர் டிசைனர்
கோபி அண்ணா, `Link speed` 100/100 தானுங்க! எலக்ட்ரீசியன் மாடிக்கு இழுத்த ஒயரு, முனையப் பிரிச்சுப் பாத்தா நாலே கம்பிதான் கோத்துருக்குது. கேட்-5இ ஒயர் புதுசா வாங்கிப் போட்டேன், மக்யா நாள் வெள்ளென டெஸ்ட் பண்ணுனா 191. அந்தத் தம்பிக்குப் போன் பண்ணி மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டேன்.

ராத்திரிக்கு அக்கா சொன்னபடி எல்லாத்தையும் நிறுத்தி, வைஃபையையும் அணைச்சு, லேப்டாப்ப மட்டும் பாக்ஸுல நேரா மாட்டிப் பாத்தனுங்க. 21 தான்.

கோபி லைன்
அப்ப வீட்டுக்குள்ள சுத்தம். இனி வெளிய எந்த எடத்துல நெரியுதுன்னு பாக்கணும். ஒம்போது மணிக்கு இந்த ரெண்டையும் போடுங்க, காலையில ஒருக்காவும் போட்டு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. மொதல்ல இருக்கற நம்பரு உங்க பாக்ஸோடது, அது வேறயா இருந்தா மாத்திக்கங்க.

```
ping -n 50 192.168.1.1
tracert -d 8.8.8.8
```

அப்புறம் ஸ்பீட் டெஸ்டுல சர்வர் எதுன்னு பாருங்க. தானா எடுக்கறது பெரும்பாலும் பக்கத்துல, சில சமயம் உங்க கம்பெனிக்காரன் சொந்தமா வெச்சிருக்கறது. அதுல வர்ற நம்பரு உங்க வீட்டுல இருந்து அவன் ஆபீஸ் வரைக்கும் ரோடு எப்புடின்னு மட்டுந்தான் சொல்லும். அவனைத் தாண்டி வெளிய போற ரோடு தெரியணும்னா சென்னை, பெங்களூரு, மும்பைன்னு வேற கம்பெனி சர்வரா மூணு பாருங்க. ஒரே ஒரு சர்வர்ல கம்மியா வந்தா அந்த சர்வரே நெரிசலா இருக்கலாம், அத நம்பி சண்டைக்குப் போகாதீங்க.

ஈரோடு மஞ்சள்காரன்
இவ்வளவு பாத்தும் பிரயோசனம் இருக்குமான்னு தெரியல நண்பா. கவர்மென்ட் ரூல்ல 2 எம்பிபிஎஸ் வந்தாலே பிராட்பேண்டுன்னு இருக்குது. 20 வருதுல்ல, எடுத்துக்க மாட்டாங்க.

கோபி லைன்
அந்த 2ங்கறது எத பிராட்பேண்டுன்னு கூப்புடலாம்ங்கறதுக்கு வெச்ச அளவுங்க, 512 கேபிபிஎஸ்னு இருந்தத 2023ல மாத்துனாங்க. அது அடிமட்டம். 200க்குக் காசு வாங்கிப்போட்டு அடிமட்டத்தக் காட்டி வாயடைக்க முடியாது. ஆனா ப்ளான்ல "200 வரை"ன்னுதான் எழுதியிருப்பாங்க, அதனால 170, 160க்கெல்லாம் போய் நின்னா நம்ம பக்கம் நியாயம் கம்மி. என்ற கணக்கு என்னன்னா, வயர்ல நேராப் போட்டு, ஒரே நேரத்துல, அஞ்சாறு நாளு பாதிக்குக் கீழ வந்தா கம்ப்ளைன்ட் பண்ணலாம். மாசக் கோட்டா தீந்து போயி ப்ளானே வேகத்தக் கொறச்சிருக்குதான்னும் பாத்துக்கணும், உங்களுக்குக் காலையில 191 வர்றதால அது இல்ல.

திருப்பூர் டிசைனர்
ஆறு நாள் குறிச்சனுங்க. ராத்திரி ஒம்போதுக்கு கோயமுத்தூர் சர்வர் (கம்பெனியோடதே) ஆறு நாளும் 180க்கு மேல. சென்னை 19ல இருந்து 26, பெங்களூரு 23, மும்பை 18. `ping`ல என்ற பாக்ஸு 1 மில்லி செகண்டு, ஒண்ணுகூடத் தவறல. `tracert`ல ரெண்டாவது வரி காலையிலயும் ராத்திரியும் 5, 6ன்னேதான் இருக்குது, நாலாவது வரில இருந்து கடைசி வரைக்கும் ராத்திரில 80க்கு மேல. பக்கத்து வீட்டுல வேற கம்பெனி லைன், அதே ஒம்போது மணிக்கு அதே சென்னை சர்வர்ல அவருக்கு 96, அவரு ப்ளானே 100 தான்.

கோபி லைன்
ரொம்பத் தெளிவா இருக்குதுங்க. நடுவுல ஒரே ஒரு வரி மட்டும் எச்சா இருந்து கடைசி வரி கம்மியா இருந்தா அத விட்டுர்லாம், சில மெஷினு பிங்குக்கு மெதுவாத்தான் பதில் சொல்லும். உங்குளுதுல நாலுல இருந்து கடைசி வரைக்கும் ஒசந்தே இருக்குது. வீட்டுல இருந்து ஆபீஸ் வரைக்கும் ஃபைபர் நல்லாருக்குது, அங்கிருந்து மேல வாங்குற பேண்ட்வித்து ராத்திரி கூட்டத்துக்குப் பத்தல. இதுக்கு வீட்டுக்கு லைன்மேன் வந்து பிரயோசனமே இல்ல, "ஸ்லோ"ன்னு ஒத்த வார்த்தையில கம்ப்ளைன்ட் பண்ணாதீங்க, பண்ணுனா ஆளத்தான் அனுப்புவாங்க. இந்த நேரம், இந்த சர்வர், வயர்ல இவ்வளவு, உள்ளூர் சர்வர்ல இவ்வளவுன்னு எழுதி, நெட்வொர்க் டீமுக்கு அனுப்புங்கன்னு கேட்டு டாக்கெட் நம்பர் வாங்குங்க.

திருப்பூர் டிசைனர்
பண்ணுனனுங்க. ரெண்டாவது நாளே "டெஸ்ட் செய்தோம், 187 வருகிறது"ன்னு அவுங்க கோயமுத்தூர் சர்வர் படத்த அனுப்பி மூடிட்டாங்க. அதே நிமிசத்துல எடுத்த மூணு ஊரு டெஸ்டையும் `tracert`டையும் வெச்சு மறுபடி தொறக்கச் சொன்னேன், அப்பத்தான் ஒரு இன்ஜினியர் அவராவே கூப்புட்டு விசாரிச்சாரு. அதுக்கப்புறம் பத்து நாளா ராத்திரில 120, 130 வருதுங்க, ஃபைல் போயிருது. ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் 60க்கு எறங்குது. இதுக்கும் மேல போலாமாங்ணா?

கோபி லைன்
போறதுன்னா அதே கம்பெனிக்குள்ள அப்பீல் அதாரிட்டின்னு ஒருத்தரு இருப்பாரு, டாக்கெட் நம்பரோட முப்பது நாளுக்குள்ள எழுதணும், காசு கெடையாது. டிராய்க்கு நேரா எழுதுனா தனித்தனி ஆளு கம்ப்ளைன்ட்ட அவுங்க தீத்து வெக்கறதில்ல. உள்ளூர் ஆபரேட்டர் பேரப் போடாம பில்லுல இருக்கற கம்பெனி பேருக்கு எழுதுங்க. வாரத்துல ஒரு நாளு 60ங்கறதுக்கு நானா இருந்தா இன்னொரு மாசம் குறிச்சுப் பாப்பேன்.

பெருந்துறை அக்கா
நான்னா இப்பவே எழுதிருவேன். ஞாயித்துக்கிழமைக்கும் சேத்துத்தான காசு வாங்குறாங்க.

பொள்ளாச்சி தோப்பு
நேத்திக்கும் மட்டை உழுந்துருச்சுங்க. செவப்பு லைட்டு சாயங்காலம் 4:10, கம்ப்ளைன்ட் நம்பர் வாங்கிட்டேன்.