புதுப்பிப்பு: சங்கத்தில் பங்குத்தொகை திரும்பக் கேட்டது

முன்பு கேட்டது: “வேலையை விட்டதும் பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்திலிருந்து விலகிவிட்டேன். கடன் பாக்கி இல்லை. பங்குத்தொகை 20,000 ரூபாயை ஏன் தரமாட்டேன் என்கிறார்கள்?”

“ஜாமீன் பதிவேட்டைப் பாருங்கள்” என்று ஒருவர் சொன்னாரே, அதுதான். நண்பர் வாங்கிய கடனுக்கு நான் போட்ட கையெழுத்து அப்படியே இருந்தது. இன்னும் 14 தவணை பாக்கி. “கடனில்லாச் சான்று போதும்” என்றவர் சொன்னது பாதி சரி: அது என் கடனுக்கு மட்டும்தான்.

நண்பர் வேறொரு உறுப்பினரை அழைத்துவந்து புதுப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதற்கே மூன்று வாரம். அப்புறம் பங்குச் சான்றிதழை ஒப்படைத்து, வருவாய் முத்திரை ஒட்டிய ரசீதில் கையெழுத்திட்டேன். நிர்வாகக் குழு தீர்மானம் போட்டதும் காசோலை வந்தது. வட்டியும் சேர்த்துக் கேட்கச் சொன்னவருக்கு: பங்குக்கு வட்டி கிடையாது, ஈவுத்தொகைதான். இந்த வருட ஈவு எனக்கு உண்டா என்று கேட்டால் செயலாளர் மழுப்புகிறார்.