எதிர்சேவைக்குச் செய்த குல்ஃபி கல்லாகிவிட்டது

வில்லாபுரம் மருமகள்:
எதிர்சேவை பார்க்க வந்த சொந்தங்களுக்கு வீட்டுக் குல்ஃபி கொடுக்கலாம் என்று இறங்கினேன். நீல பாக்கெட் பால் 1 லிட்டர். 20 நிமிடம் கொதிக்கவிட்டேன். மாமாவுக்குச் சுகர் என்பதால் சீனி மூன்றே ஸ்பூன். வெதுவெதுப்பாக இருக்கும்போதே பெரிய டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தாயிற்று. மறுநாள் கத்தி இறங்கவில்லை. உடைத்தால் உள்ளே ஊசி ஊசியாக ஐஸ். நாத்தனார் மகன் "அத்தை, இது பால் ஐஸ்தானே?" என்று கேட்டுவிட்டான். உங்களுக்கு இப்படி ஆகியிருக்கிறதா?

கீழவாசல் வண்டிக்காரர்:
ஆகியிருக்கிறது தங்கச்சி. குல்ஃபி வண்டி போட்ட முதல் வருஷம் பாதி நாள் இதே கதைதான். 20 நிமிடத்தில் பால் அவ்வளவாகச் சுண்டாது. நீங்கள் சொன்ன கணக்குக்கு, டப்பாவில் இருந்ததில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீராகவே இருந்திருக்கும். அவ்வளவு தண்ணீர் மெதுவாக உறைந்தால் ஊசிதான் விளையும்.

ஆரஞ்சு பாக்கெட் வாங்குங்கள். அதில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3தான். பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டு, 1 லிட்டர் பால் 500 கிராமாகும் வரை சிறு தீயில் காய்ச்சுங்கள். ஓரத்தில் ஒட்டும் ஆடையை வழித்து உள்ளேயே விடுங்கள். தராசு இல்லாவிட்டால் கரண்டிக் காம்பை நட்டு வைத்துப் பால் நின்ற உயரத்தைக் குறித்துக்கொண்டு, அதில் பாதிக்கு வந்ததும் இறக்கலாம். கடைசியில் சீனி 75 கிராம். இப்போது தண்ணீர் 60 பங்குக்கு வந்துவிடும், கொழுப்பு 10 பங்கு இருக்கும்.

சீனியை இனிப்புக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஃப்ரீசர் குளிரிலும் கொஞ்சம் தண்ணீர் உறையாமல் நிற்பது அதனால்தான். குறைத்தால் கல், அள்ளிப்போட்டால் குச்சியில் நிற்காது. மாமாவுக்கு வேறு ஏதாவது கொடுங்கள்.

அண்ணாநகர் சமையல்:
இவ்வளவு எதற்கு? அரை மணிக்கொருதரம் எடுத்து மிக்ஸியில் அடித்தால் போதும், எந்தப் பாலும் மெத்தென்று வரும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கீழவாசல் வண்டிக்காரர்:
பாதி சரி. உறையும்போது கிளறினால் துகள் வளராது, ஐஸ்கிரீமுக்கு அதுதான் வழி. ஓரம் கெட்டிப்பட ஆரம்பித்ததும் முள்கரண்டியால் சுரண்டி நடுவுக்குத் தள்ளி நாலைந்து தடவை கலக்கலாம். மிக்ஸி ஜாரின் சூட்டில் உருகிப்போனால் பட்ட பாடு வீண். கிரீம் அதிகமாக இருந்தால் வெண்ணெய் திரண்டு நாக்கில் ஒட்டும். குல்ஃபிக்குக் கிளறலே வேண்டாம், காற்று ஏறாமல் கெட்டியாக இருப்பதுதான் குல்ஃபி. அதற்குச் சீக்கிரம் உறைய வேண்டும். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துச் சில்லென்று ஆனதைச் சின்னச் சின்ன அலுமினிய அச்சில் ஊற்றுங்கள். நாங்கள் 3 பங்கு ஐஸுக்கு 1 பங்கு கல் உப்பு போட்டுப் பானையில் அச்சைப் புதைத்து ஆட்டுவோம். வீட்டு ஃப்ரீசரைவிட அது வேகம்.

மேலூர் அக்கா:
எனக்கு ஒரு சந்தேகம். நான் ஆரஞ்சு பாலைத்தான் நன்றாகச் சுண்டவிட்டு, பால் பவுடரும் ஒரு கப் போட்டேன். அப்படியும் நறநற. அதுவும் ஐஸ்தானா?

கீழவாசல் வண்டிக்காரர்:
ஒரு துளியை நாக்கில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஐஸ் என்றால் சட்டென்று குளிர்ந்து கரைந்துவிடும். உருகிய பிறகும் மாவு மாதிரி நறநறத்தால் அது பாலின் சர்க்கரை, ஜாஸ்தியாகிப் படிந்துவிட்டது. பவுடரைக் கால் கப்பாக்குங்கள்.

மேலூர் அக்கா:
மாவு மாதிரியேதான் இருந்தது! ரெண்டு மாதமாக ஃப்ரீசரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உசிலம்பட்டி தம்பி:
கருப்பட்டி குல்ஃபி யாராவது செய்தீர்களா? எனக்குப் பால் திரிந்து பன்னீராகிவிட்டது. சூட்டோடு கொட்டியது தப்பு என்று அம்மா சொன்னார். ஆறவிட்டுப் பாகை வடிகட்டி ஊற்றியபோது திரியவில்லை. ஆனால் சீனி அளவுக்கே போட்டும் கொஞ்சம் இளக்கமாகவே நிற்கிறது, ஏன் என்று தெரியவில்லை.

வில்லாபுரம் மருமகள்:
அண்ணே, நேற்று செய்தேன். ஆரஞ்சு பால் 500 கிராமுக்கு வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது, கை வலி தனி. சீனி 70 கிராம். அச்சு இல்லாததால் சின்ன டம்ளர்களில் ஊற்றினேன். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது, நடுவில் மட்டும் லேசாக ஊசி. இன்று மத்தியானம் 3 மணி நேரம் கரண்ட் இல்லை. மிச்சமிருந்த நாலு டம்ளரும் இளகி, இப்போது மறுபடி உறைந்து பழையபடி ஐஸாக இருக்கிறது.

கீழவாசல் வண்டிக்காரர்:
இளகும்போது சின்னத் துகள் கரையும், மறுபடி உறையும்போது அந்தத் தண்ணீர் பெரிய துகளில் போய் ஒட்டிக்கொள்ளும். திரும்பவும் ஃப்ரீசரில் வைத்துச் சரியாக்க முடியாது. நான் என்றால் முழுக்க உருக்கி, ஒரு கொதிவிட்டு, ஆறவைத்து மறுபடி ஊற்றுவேன்.

அண்ணாநகர் சமையல்:
எதற்கு? ஜிகர்தண்டாவில் போட்டு அடித்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது.