மின்னியல் பாடம்: புரிந்ததா, மனப்பாடமா? எந்தக் கேள்வி காட்டிக்கொடுக்கும்?

செல்வி: பையன் பத்தாம் வகுப்பு. ஓம் விதி, தொடரிணைப்பு, பக்க இணைப்பு எல்லாம் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்கிறான், புக் பேக் கணக்குகளும் போட்டுவிடுகிறான். புரிந்துதான் சொல்கிறானா என்று பார்க்க என்ன கேட்கலாம்?

முருகவேல்: கணக்கு சரியாக வருகிறது என்றால் புரிந்த மாதிரிதான். டியூஷனில் நான் ஒரே ஒரு கேள்விதான் கூடுதலாகக் கேட்பேன்: 40 வாட், 100 வாட் குண்டு பல்புகளைத் தொடரில் மாட்டினால் எது பிரகாசமாக எரியும்? 40 என்று சொல்லிவிட்டால் பையன் தேறிவிட்டான்.

பாமா டீச்சர்: சார், நல்ல கேள்விதான், ஆனால் அது பழசாகிவிட்டது. "தொடரில் கம்மி வாட்தான் பிரகாசம்" என்று அதையும் பிள்ளைகள் ஒரு வரியாக உருப்போட்டு வைத்திருக்கிறார்கள். சரியாகச் சொன்ன பையனிடம், அந்த 100 வாட் பல்புக்குப் பக்க இணைப்பில் இன்னொரு 100 வாட் பல்பைச் சேர்த்தால் 40 வாட் பல்பு என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். மொத்த மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், அதனால் 40 இன்னும் கொஞ்சம் பிரகாசமாகும். வரியை மட்டும் வைத்திருப்பவன் அங்கேயே நின்றுவிடுவான்.

செல்விம்மா, நீங்கள் எண்ணே இல்லாமல் கேளுங்கள். ஒரே மாதிரி மூன்று பல்புகள், அ, ஆ, இ, பேட்டரியோடு தொடரில் எரிகின்றன. இப்போது இ-யின் இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு பல்பும் என்ன ஆகும்? பேப்பரைத் தொடுவதற்கு முன்னால் வாயால் சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் இதே மாதிரியான கேள்வியைத் தேர்வில் ஒரு பெரிய மின்சுற்றுக் கணக்கோடு சேர்த்து வைத்தபோது, கணக்கைப் போட்ட பலர் இதில் தடுமாறினார்கள்.

ரஃபீக்: நான் வீட்டில் 9 வாட், 15 வாட் எல்இடி பல்பைத் தொடரில் மாட்டிப் பார்த்தேன். ஒன்று மினுக்கியது, இன்னொன்று சரியாக எரியவே இல்லை. அப்போ புத்தகமே தப்பா?

பாமா டீச்சர்: தம்பி, எல்இடி பல்புக்குள் ஒரு சர்க்யூட் உட்கார்ந்து மின்னோட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், அதை ஒரு மின்தடையாக நினைத்துக் கணக்குப் போட முடியாது. இந்தக் கேள்விகள் இழை உள்ள பல்புக்குத்தான். வீட்டு கரண்டில் தயவுசெய்து இதெல்லாம் செய்யாதீர்கள். 1.5 வோல்ட் செல் மூன்று, 2.5 வோல்ட் டார்ச் பல்பு மூன்று, அது போதும்.

முருகவேல்: சரி, இ அணைந்துவிடும். இதில் என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள்?

பாமா டீச்சர்: இ அணையும் என்று பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள் சார், விஷயம் அ-வில் இருக்கிறது. "மின்னோட்டம் முதலில் அ-வுக்குத்தானே வருகிறது, பின்னால் நடப்பது அதை எப்படிப் பாதிக்கும், அப்படியேதான் இருக்கும்" என்று ஒரு பையன் சொன்னால், அவன் மின்னோட்டம் வரிசையாக ஒவ்வொரு பல்பாகப் போய்ச் சேர்கிறது என்று நினைக்கிறான், மொத்தச் சுற்றும் ஒன்றாக மாறுவது அவனுக்குப் பிடிபடவில்லை. "பேட்டரி அதேதானே, மின்னோட்டமும் அதேதான்" என்றால் அது வேறு ஓட்டை: பேட்டரி எப்போதும் ஒரே மின்னோட்டம் தரும் என்ற எண்ணம். மாறாமல் இருப்பது 4.5 வோல்ட். முன்பு ஆளுக்கு 1.5 வோல்ட், இப்போது இரண்டே பேருக்கு ஆளுக்கு 2.25, அதனால் அ, ஆ இரண்டும் பிரகாசமாகும். இழை சூடானால் மின்தடையும் ஏறும் என்பதால் மின்னோட்டம் அதே விகிதத்தில் ஏறாது, ஆனால் கூடுவது கண்ணுக்கே தெரியும். முக்கியம், கம்பி ஒரு பல்புக்கு மட்டும்தான். மூன்றுக்கும் சேர்த்துப் போட்டால் செல் சூடாகிவிடும்.

முருகவேல்: மேடம், இதை நீங்கள் வகுப்பில் இரண்டு தடவை கேட்டால் இதுவும் மனப்பாடம் ஆகிவிடும். அதுவும் போக, இந்த மாதிரிக் கேள்வியே பார்க்காத பையன் பதறிப்போய்த் தப்பாகச் சொல்லலாம், அதை வைத்து அவனுக்குப் புரியவில்லை என்று எழுதிவிட முடியாது. பப்ளிக் பரீட்சையில் வருவதை முதலில் தேற்றட்டும்.

பாமா டீச்சர்: பதற்றம் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அதனால்தான் மார்க் போடாமல் கேட்க வேண்டும் என்கிறேன். பழகிவிட்டது என்றால் கம்பியை எடுத்துவிட்டு, ஆ-வைக் கழற்றினால் என்ன, ஆ-வுக்குப் பக்க இணைப்பில் இன்னொரு பல்பு வைத்தால் என்ன என்று மாற்றிக்கொண்டே போகலாம். ஆனால் 45 பேர் இருக்கிற வகுப்பில் ஒவ்வொருவரிடமும் "ஏன்" கேட்க எனக்கே நேரம் கிடைப்பதில்லை, அதற்கு என்னிடம் வழி இல்லை.

செல்வி: இப்போதுதான் கேட்டேன். இ அணையும், அ அப்படியே இருக்கும், ஆ மட்டும் பிரகாசமாகும் என்கிறான். காரணம் கேட்டால், இ-க்குப் போக வேண்டியதும் ஆ-வுக்கே கிடைத்துவிடுமாம். டார்ச் பல்பு வாங்கக் கடைக்குப் போகிறோம்.

பாமா டீச்சர்: பல்பை மாட்டுவதற்கு முன்னால், பேட்டரியைத் திருப்பி வைத்தால் எது பிரகாசமாகும் என்று கேளுங்கள். அவன் சொல்வதை ஒரு தாளில் எழுதச் சொல்லிவிட்டு, அப்புறம் எரிய விடுங்கள்.