அடுக்கு உயர்வுக்கு முன்பணம்: யார் பெயரில் கட்டுவது?

அனைவருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள கொலுசு வியாபாரி ஒருவருக்காக, ஏறத்தாழ 4,000 வடிவங்களுக்குத் ஏஐ சேவை ஒன்றின் ஏபிஐ வழியே தமிழில் விவரக்குறிப்பு எழுதும் நிரலைச் செய்து வருகிறேன். படத்தையும் சேர்த்து ஒரு கோரிக்கைக்கு 3,000 டோக்கன் செலவாகிறது. அந்தச் சேவையில் எங்கள் கணக்கு முதல் பயன்பாட்டு அடுக்கில் இருப்பதால் நிமிடத்துக்கு 30,000 டோக்கன்தான் வரம்பு. ஆகவே நிமிடத்துக்குப் பத்துக் கோரிக்கைகளைத் தாண்டினால் 429 பிழை வருகிறது; அதற்கு முந்தைய பதில்களிலேயே `x-ratelimit-remaining-tokens` பூஜ்யத்தை நெருங்கிவிடுகிறது. இரவில் ஓட்டினால் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் பகலில் கடையின் வாட்ஸ்அப் விசாரணைகளும் இதே வரம்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வரம்பு கணக்கு முழுமைக்கும் பொதுவானது என்பதால் இன்னொரு ஏபிஐ கீ எடுப்பதில் பயனில்லை.

அடுத்த அடுக்குக்கு, இதுவரை செலுத்திய மொத்தத் தொகை 50 டாலரை எட்டுவதோடு, முதல் கட்டணத்திலிருந்து 7 நாள்களும் கடந்திருக்க வேண்டும் என்பது எங்கள் சேவையின் விதி. செலவழித்த தொகை அல்ல, செலுத்திய தொகையே கணக்கில் வருவதால், முன்பணம் ஏற்றினாலே போதும் என்று புரிந்துகொள்கிறேன்.

இரண்டு சந்தேகங்கள். நாள் நிபந்தனை நிறைந்த பின் மீதித் தொகையை ஒரே தவணையில் கட்டியவர்களுக்கு அடுக்கு உடனே உயர்ந்ததா, தாமதமானதா? வேலை முடிந்ததும் வியாபாரி தம் பெயரில் கணக்கு தொடங்கப்போகிறார். கட்டண வரலாறு புதிய கணக்குக்கு மாறாது என்றால், இப்போதே அவர் கணக்கில் கட்டச் சொல்வதுதானே முறை? அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.