ஆபீஸ் மெயிலில் ‘மீ’ போடக்கூடாதா? அவசரம்

பெல்லந்தூர் பாலா: மூன்று மணிக்குள் எச்ஆருக்கு மெயில் போகணும். டீம் லீட் ‘மீ’ மேல் வட்டம் போட்டுத் திருப்பிவிட்டார். காரணம் கேட்டால் மீட்டிங்கில் இருக்கிறார். என்ன தப்பு?

தாராவி தம்பி: எந்த வாக்கியம் பாஸ்? அதைப் போடாமல் எப்படிச் சொல்வது?

மல்லேஸ்வரம் மாமா: இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கணும். ‘மீ’ மரியாதைக் குறைவு, ‘மைசெல்ஃப்’ போடுங்கள்.

ஆர்.கே.புரம் அக்கா: மாமா, வேண்டாம். அது இன்னொரு தப்பு. பாலா, வாக்கியத்தைப் போடுங்க.

பெல்லந்தூர் பாலா: ‘ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் மீ த லீவ் ரூல்.’ ‘கிவ் மீ த ஃபார்ம்’ சரி என்றால் இதுவும் சரிதானே?

 

ஆர்.கே.புரம் அக்கா: அங்கேதான் சிக்கல். கிவ், டெல், ஷோ, செண்ட் எல்லாம் ஆளையும் பொருளையும் அடுத்தடுத்து ஏற்கும். எக்ஸ்ப்ளெய்ன், சஜஸ்ட், டிஸ்க்ரைப் ஏற்காது, ஆளுக்கு முன்னால் ‘டு’ கேட்கும். ‘எக்ஸ்ப்ளெய்ன் த லீவ் ரூல் டு மீ.’ நாம் எல்லாவற்றுக்கும் ‘எனக்கு’ போட்டுப் பழகியதால் இந்த வித்தியாசம் காதில் படுவதில்லை. கேட்கும் விஷயம் நீளமானால் ‘டு மீ’ முன்னால் வரும்: ‘எக்ஸ்ப்ளெய்ன் டு மீ வை மை லீவ் வாஸ் ரிஜெக்டட்.’ உங்கள் மெயிலில் ‘டு மீ’கூட வேண்டாம். கேட்பது நீங்கள்தான் என்று எச்ஆருக்குத் தெரியாதா? ‘சஜஸ்ட் மீ எ குட் புக்’கும் இப்படித்தான்; ‘கேன் யூ சஜஸ்ட் எ குட் புக்?’ போதும்.

தாராவி தம்பி: சுருக்கமாகச் சொன்னால், லத்தீனிலிருந்து வந்த நீள வினைகள் ஏற்காது, குட்டி வினைகள் ஏற்கும்.

ஆர்.கே.புரம் அக்கா: பெரும்பாலும். ஆனால் ‘ப்ராமிஸ்’ லத்தீன் வழி வந்தது, ‘ஷீ ப்ராமிஸ்ட் மீ எ ஜாப்’ சரி. ‘சே’ குட்டிதான், ‘சே மீ யுவர் நேம்’ சொல்வோமா?

மல்லேஸ்வரம் மாமா: பெங்களூரில் பாதிப் பேர் ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்கிறார்கள், வேலை நடக்கவில்லையா? இது இந்திய ஆங்கிலம்.

தாராவி தம்பி: அப்புறம் எதற்கு ‘பள்ளிக்கூடத்திலேயே’ என்றீர்கள்? ‘ரெகமெண்ட் மீ எ டென்டிஸ்ட்’ என்று பிரிட்டிஷ்காரர்களே சொல்வதுண்டே.

ஆர்.கே.புரம் அக்கா: ரெகமெண்டில் சிலர் சொல்வார்கள், அதில் நான் சண்டைக்கு வரவில்லை. சஜஸ்ட் அப்படியில்லை. ‘ஹீ சஜஸ்டட் மீ ஃபார் த போஸ்ட்’ என்றால் அந்த வேலைக்கு என் பேரைச் சொன்னார் என்று அர்த்தம். அங்கே ‘மீ’ சரி, முன்மொழியப்படுவதே நான்தான்.

மல்லேஸ்வரம் மாமா: ஆபீஸில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

தாராவி தம்பி: பாலாவின் டீம் லீட்.

பெல்லந்தூர் பாலா: மெயில் போயாச்சு, நன்றி அக்கா. பழைய மெயிலில் ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெய்ண்ட் த ரூல்’ என்று இருக்கிறது. அதுவுமா?

ஆர்.கே.புரம் அக்கா: அதுவும்தான். ‘த ரூல் வாஸ் எக்ஸ்ப்ளெய்ண்ட் டு மீ.’