பால்காய்ப்புக்கு முட்டைக் கறி

வியாழன், இரவு

ஷைனி: சனிக்கிழமை காலை புது வீட்டுப் பால்காய்ப்புக்குச் சொல்லியிருந்த சமையல்காரர் வரமாட்டார். அவர் குடும்பத்தில் ஒரு மரணம். ஆப்ப மாவு வேறு இடத்தில் சொல்லியாகிவிட்டது, அதற்குக் கவலை இல்லை. முட்டைக் கறி நாம்தான் வைக்க வேண்டும். 45 பேர், ஆளுக்கு 2 முட்டை. இளையவளுடைய மறுவீட்டில் நடந்த மாதிரி முட்டை எல்லாம் உடைந்து மஞ்சள் கரு குழம்பில் கரையக் கூடாது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

ரெஜி: அது நான் கிண்டியதால் உடைந்தது இல்லை

ஷைனி: உன் பெயரை நான் சொல்லவே இல்லையே அண்ணே

தங்கம் அத்தை: ஃபாதர் எத்தனை மணிக்கு?

ஷைனி: காலைப் பூசை முடிந்ததும் வருகிறார் அத்தை. ஏழரை ஆகும்.

ராஜன் சித்தப்பா: முட்டை அவிக்கும் தண்ணீரில் ஒரு பிடி உப்பும் கொஞ்சம் வினாகிரியும் விட்டால் முட்டை உடையவே உடையாது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

விஜி மைனி: இங்கே மஸ்கட்டில் நான் முட்டையைக் குக்கரில் போட்டு ஒரு விசில். சூப்பராக வரும்.

ரெஜி: 90 முட்டைக்கு எத்தனை குக்கர்

விஜி மைனி: நான் எனக்கு வைப்பதைச் சொன்னேன்

ஸ்டெல்லா மாமி: ஷைனி மக்களே, இப்போதுதான் பார்த்தேன். விடுதியில் இருந்த காலம் முழுக்க வாரம் ஒரு நாள் இந்தக் கறிதான் வைத்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ராஜன் அண்ணன் சொன்ன உப்பும் வினாகிரியும் உடைவதைத் தடுக்காது. ஓடு கீறல் விட்டால் வெளியே வரும் வெள்ளையைச் சட்டென்று கட்டிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதுவும் நல்லதுதான், விடுங்கள். ஆனால் ஓடு கீறுவதற்குக் காரணம் வேறு. முட்டையின் அகன்ற முனையில் கொஞ்சம் காற்று இருக்கும். பிரிட்ஜிலிருந்து எடுத்ததைக் கொதிநீரில் போட்டால் அந்தக் காற்று திடீரென்று விரிந்து ஓட்டை உடைக்கும். இன்னொன்று, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது முட்டைகள் ஒன்றோடொன்று முட்டும். அதனால் முட்டையை முதலிலேயே வெளியே வைத்துவிடு. ஒரு பானைக்கு ஒரு அட்டை, அதற்கு மேல் வேண்டாம்.

ஷைனி: பச்சைத் தண்ணீரில் போட்டுத்தானே அடுப்பு பற்றவைக்க வேண்டும் மாமி? அம்மா அப்படித்தான் செய்வார்கள்.

ஸ்டெல்லா மாமி: அப்படி வைத்தால் ஓடு கீறுவது குறைவுதான். ஆனால் உரிக்கும்போது வெள்ளை ஓட்டோடு பிய்ந்து வரும். வீட்டில் நாலு முட்டை என்றால் பரவாயில்லை. 90 முட்டையில் பாதி பிய்ந்தால் சபையில் எப்படி வைப்பாய்? தண்ணீர் கொதித்த பிறகு தீயைக் குறைத்து, ஓட்டைக் கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக இறக்கு. முட்டை போட்டதும் கொதி அடங்கும். மறுபடி கொதி வந்த பிறகு 10 நிமிடம், சின்னத் தீயில். உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்று. அதிகம் வெந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சைக் கோடு விழும், கந்தக வாடையும் வரும்.

ஜெபின்: நாற்காலி 50 சொல்லட்டுமா 60 சொல்லட்டுமா

ரெஜி: 60

தங்கம் அத்தை: 50 போதும், பிள்ளைகள் மடியில் இருப்பார்கள்

ஜெபின்: பெரியம்மா சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன்: "கடை முட்டை எதற்கு? என் கோழி இட்டது 22 முட்டை சேர்த்து வைத்திருக்கிறேன். நேற்று இட்டதும் இருக்கிறது. நம்முடைய வீட்டு விசேஷத்துக்கு நாட்டு முட்டை இல்லாமல் எப்படி?"

ஷைனி: சரி பெரியம்மா 🙏

ஸ்டெல்லா மாமி: அக்கா, கோபப்படாதீர்கள். நேற்று இட்ட முட்டை அவித்தால் உரியவே உரியாது. இட்ட புதிதில் வெள்ளை உள்தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நாள் போகப் போகத்தான் அந்தப் பிடி விடும். ஒரு வாரம் ஆனது நன்றாக உரியும். நாமக்கல்லிலிருந்து கடைக்கு வரும் முட்டைக்கு எப்படியும் சில நாள் ஆகியிருக்கும், அதனால்தான் அது நமக்கு எளிதாக உரிகிறது. போதாததற்கு நாட்டு முட்டை சின்னது, வெள்ளையும் கொஞ்சம்தான். கீறல் போட்டால் கத்தி நேரே கருவில் இறங்கும்.

ஜெபின்: பெரியம்மா: "அப்படியானால் என் முட்டை ஆகாது என்கிறாய்"

ஸ்டெல்லா மாமி: ஐயோ, அப்படிச் சொல்லவில்லை அக்கா. தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கீழே படுத்துக் கிடப்பது புதியது. அகன்ற முனை மேலே தூக்கி நிற்பது கொஞ்சம் நாள் ஆனது, அதைக் கறிக்குத் தாருங்கள். மிதப்பதைத் தள்ளிவிடுங்கள். புதியதை ஆப்பத்தின் நடுவில் உடைத்து ஊற்றலாம். ஃபாதருக்கு அந்த முட்டை ஆப்பத்தை வைத்தால் எவ்வளவு மரியாதை!

ஜெபின்: பெரியம்மா போனை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்

ராஜன் சித்தப்பா: முட்டை மசாலா பிடிக்க வேண்டுமென்றால் முள்கரண்டியால் எல்லாப் பக்கமும் குத்து. மசாலா உள்ளே இறங்கிவிடும்.

ஸ்டெல்லா மாமி: அண்ணே, நீங்கள் குத்திய முட்டையை வெட்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளை வெள்ளையாகவேதான் இருக்கும். வெந்த வெள்ளை கெட்டியானது, ஒரு மணி நேரத்தில் மசாலா அதற்குள் போகாது. உப்பு மட்டும் மெல்ல மெல்ல இறங்கும். மசாலா பிடித்தது என்று நாம் சொல்வது எல்லாம் தோலில் நிற்பதுதான். அவித்த முட்டையின் தோல் வழவழப்பு, குழம்பு வழிந்து ஓடிவிடும். அதனால் தோலைச் சொரசொரப்பாக்க வேண்டும், குழம்பைக் கெட்டியாக்க வேண்டும். இந்த இரண்டும் ஆனால் போதும்.

ஷைனி: பொரிக்கச் சொல்கிறீர்களா மாமி?

ஸ்டெல்லா மாமி: ஆமாம் மக்களே. உரித்த முட்டையைத் துணியால் ஈரம் போகத் துடை. நீளவாக்கில் மூன்று கீறல், கத்தி முனையால், ஒரு நெல்மணி ஆழம் போதும். கீறாமல் எண்ணெயில் போட்டால் தோலுக்கு அடியில் ஆவி கட்டிப் பட்டென்று வெடித்து முகத்தில் தெறிக்கும். அகன்ற சட்டியில் தேங்காய் எண்ணெய் கொஞ்சமாக, நடுத்தரத் தீ. 15 முட்டை வீதம் உருட்டி உருட்டி விடு. தோல் சுருங்கிப் பொன்னிறப் புள்ளி விழுந்ததும் தீயைக் குறைத்து மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்புத்தூள் தூவி, இரண்டு புரட்டுப் புரட்டி எடுத்துவிடு. தூளை முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். உப்பு இங்கேயே சேர வேண்டும், குழம்பு உப்பை நம்பாதே. அதிகம் பொரித்தாலும் ஆகாது, தோல் ரப்பராகிவிடும்.

தங்கம் அத்தை: எனக்கு ஒரு முட்டை போதும், மஞ்சள் கரு வேண்டாம். டாக்டர் சொல்லியிருக்கிறார்.

விஜி மைனி: அத்தை அந்தக் கருவை ரெஜிக்குக் கொடுங்கள்

ரெஜி: 👍

ஷைனி: குழம்பு?

ஸ்டெல்லா மாமி: வறுத்தரைத்ததுதான். தேங்காய் 5, கூடவே உள்ளி, வத்தல் மிளகாய், கொத்தமல்லி, நல்லமிளகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை. தேங்காய் செந்நிறமாகும் வரை கைவிடாமல் வறுக்க வேண்டும். பல்லாரி 2 கிலோ நன்றாகக் குழைய வதக்கு, தக்காளி 1 கிலோ. பல்லாரி அவசரப்பட்டால் குழம்பு தண்ணீராகத்தான் நிற்கும். அகப்பையின் பின்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார், கோடு மூடாமல் நின்றால் முட்டையில் ஒட்டும் பதம்.

ராஜன் சித்தப்பா: தேங்காய் நம் வேலி ஓரத்து மரத்தில் பறிக்கலாம்

ரெஜி: அது யார் மரம் என்று முதலில் முடிவாகட்டும் சித்தப்பா

ஷைனி: அண்ணே, இப்போது வேண்டாம். தேங்காய் நான் திங்கள்சந்தையில் வாங்கிக்கொள்கிறேன்.

வெள்ளி, காலை

ஷைனி: மாமி, கறியை இன்று இரவே வைத்துவிட்டால் முட்டை இன்னும் ஊறுமே?

ஸ்டெல்லா மாமி: ஊறும். ஆனால் அரைத்த தேங்காய் சேர்ந்த குழம்பு நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவு முழுவதும் வெளியே தாங்காது, விடியும்போது ஊசியிருக்கும். அந்த உருளி பிரிட்ஜுக்குள் போகாது. இரவில் முட்டையை அவித்து ஓட்டோடு பிரிட்ஜில் வை. உரித்து வைத்தால் காய்ந்துபோகும். மசாலாவைத் தண்ணீர் விடாமல் வறுத்து ஆறவைத்துக்கொள். காலை 4 மணிக்கு எடுத்து உரித்து, பொரித்து, 6 மணிக்குள் குழம்பில் சேர்த்துவிட்டால் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அது தாராளம்.

ஜெபின்: எங்கே வைத்துச் சமைப்பது? புது வீட்டு அடுப்பில் முதலில் பால்தானே பொங்க வேண்டும்

ஷைனி: ஐயோ, ஆமாம்

ரெஜி: மாமி தக்கலையிலேயே வைக்கட்டும், நான் காரில் கொண்டு வருகிறேன்

ஸ்டெல்லா மாமி: வேண்டாம் ரெஜி. சூடான குழம்பில் கிடக்கும் முட்டை அந்தச் சாலையில் குலுங்கினால் கீறல் விரிந்து பிளந்துவிடும். கொண்டுதான் வர வேண்டுமென்றால் முட்டையைத் தனியாகத் தட்டில் பரப்பி, குழம்பைத் தூக்கில் கொண்டு வந்து அங்கே சேர்க்க வேண்டும். அப்போது ஊற நேரம் இருக்காது. பக்கத்தில் ஒரு வீட்டில் வைப்பதுதான் சரி.

ஷைனி: பக்கத்தில் என்றால் பெரியம்மா வீடுதான்...

ராஜன் சித்தப்பா: அப்படியானால் நாட்டு முட்டை கறியில் கிடந்தாக வேண்டும் 🙂

ஸ்டெல்லா மாமி: பெரியம்மாவிடம் நான் பேசுகிறேன். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். முட்டையைச் சேர்த்த பிறகு யாரும் அகப்பையைப் போட்டுக் கிண்டக் கூடாது. அகன்ற உருளியில் இரண்டு அடுக்குக்கு மேல் முட்டை வேண்டாம், அடியில் கிடப்பது நசுங்கும். மேலே குழம்பை ஊற்றி, மிகச் சின்னத் தீயில் ஐந்து நிமிடம், அப்புறம் அணைத்து மூடிவிடு. கிளற வேண்டுமென்றால் இரண்டு பேர் காதைப் பிடித்து உருளியையே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நேரம் ஆக ஆகக் குழம்பு இறுகும், பக்கத்தில் வெந்நீர் வைத்துக்கொள். விளம்பும்போது ஓரத்திலிருந்து தட்டைக் கரண்டியால் எடுக்க வேண்டும்.

ரெஜி: சரி, நான் கிண்டவில்லை, சுற்றுகிறேன்

ஜெபின்: பெரியம்மா: "என் அடுப்புக்கு என்னிடம் கேட்க வேண்டியதுதானே. 4 மணிக்குக் கதவு திறந்திருக்கும். என் முட்டையில் 9 நிற்கிறது, 13 படுத்துக் கிடக்கிறது. இரண்டையும் கொண்டு வருவேன்."

ஷைனி: ❤️ பெரியம்மா

ஸ்டெல்லா மாமி: படுத்துக் கிடப்பது ஆப்பத்துக்கு அக்கா

ஜெபின்: பெரியம்மா பதில் சொல்லவில்லை, சிரித்தார்கள்

ஷைனி: கடை முட்டை நான்கு அட்டை வாங்குகிறேன். அவிக்கும்போது சில கீறினாலும் கையில் இருக்கும். உருளி யாரிடம் இருக்கிறது?

ராஜன் சித்தப்பா: அம்மாவின் பெரிய உருளி ரெஜி வீட்டில்தான் இருக்க வேண்டும்

ரெஜி: இங்கே இல்லை, பாகம் பிரித்தபோது உங்கள் வீட்டுக்குத்தானே போனது

தங்கம் அத்தை: என்னிடம் ஒன்று இருக்கிறது, ஒரு காது இல்லை

ஸ்டெல்லா மாமி: காது இல்லாததைச் சுற்ற முடியாதே தங்கம்

ஷைனி: பள்ளி கோயிலில் கேட்டுப் பார்க்கிறேன். சாயங்காலத்துக்குள் யாராவது உறுதி சொல்லுங்கள்.

ரெஜி: பரண் மேல் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்